எட்டாம் வகுப்பு விழப் பழகிய கதை

பத்து நாள் ஜூடோப் பயிற்சிக்குத் திருவள்ளூர் வரச்சொல்லிக் கடிதம் வந்தபோது நான் கொஞ்சம் அலட்டிக்கொண்டேன். பதினாலு வருஷம் கபடி ஆடியவள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் அரசுப் பெண்கள் பள்ளியில் பன்னிரண்டு வருஷமாக பி.டி. டீச்சர். எனக்குப் புதிதாக என்னத்தைச் சொல்லித் தந்துவிடப் போகிறார்கள் என்று நினைப்பு. விடியற்காலை மின்சார ரயிலில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி வண்டி மாறி, அங்கே போய்ச் சேர்ந்தால் பயிற்சியாளர் முதல் வேலையாக எங்கள் எல்லோரையும் மெத்தையில் மல்லாக்கப் படுக்கச் சொன்னார். ஜூடோக்காரி, என்னைவிடப் பத்து வயது சின்னவர். மூன்று நாள் படுத்த படுக்கையாக மெத்தையைக் கையால் அறைந்துகொண்டே இருந்தோம்.

ஆளைத் தூக்கிப் போடுவது எப்போது என்று இரண்டாம் நாளே கேட்டேன். விழத் தெரியாத ஆளைத் தூக்கிப் போட்டால் அது விளையாட்டு இல்லை, கேஸ் என்றார் அவர். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் நாலாம் நாள் அந்த அறைதலின் சூட்சுமம் பிடிபட்டதும், அடேயப்பா, எனக்கு வந்த குஷி இருக்கிறதே. தாடையை நெஞ்சோடு ஒட்டி, கண்ணைத் தொப்புள் பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். அப்போது பின்மண்டை தரையைத் தொடாது. முதுகை வளைத்து உருண்டு விழ வேண்டும். முதுகு மெத்தையைத் தொடுகிற அதே நொடியில் இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கி, உள்ளங்கை முதல் முழங்கை தாண்டி மொத்தக் கையாலும் மெத்தையை அறைய வேண்டும். மூச்சை வெளியே விட வேண்டும். விழுந்த வேகம் ஒரே இடத்தில் இறங்காமல் பரவிப் போய்விடும். வாழ்நாளெல்லாம் விழுந்து எழுந்த எனக்கு இதை யாருமே சொன்னதில்லை.

எனக்கு இருந்த ஒரே சனியன் என் வலது கை. கபடியில் பிடிபட்டு விழும்போது கை தானாக நீளும். நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் புள்ளி. அதற்காகவே எத்தனையோ வருஷம் பழக்கிய கை. ஜூடோவில் அதைத்தான் செய்யவே கூடாது. விழுகிற உடம்பின் முழுப் பாரமும் நீட்டிய கையின் மணிக்கட்டில் இறங்கும், இல்லையென்றால் கழுத்தடியில் இருக்கிற காறை எலும்புக்குப் போகும். உட்கார்ந்து விழுந்தால் சரியாக விழுந்தேன், குந்தி விழுந்தால் சரியாக விழுந்தேன். நின்றபடி விழச் சொன்னால் பத்தில் இரண்டு தடவை அந்தக் கை தரையைத் தேடிப் போனது. கடைசி நாளில் பயிற்சியாளர் சான்றிதழைக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளுக்குக் குந்தி விழுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நீங்களும் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். நான் தலையை ஆட்டினேன்.

திரும்பி வந்த மறுநாளே எங்கள் தலைமையாசிரியை அறைக்குள் நோட்டும் கையுமாக நுழைந்தேன். எட்டாம் வகுப்பு, முப்பத்திரண்டு பிள்ளைகள், ஆறு வாரம். முதல் மூன்று வாரம் விழுவது மட்டும். நாலாம் வாரம் ஜோடியாக, ஒருத்தி போட்டிருக்கிற கோட்டின் கையை இன்னொருத்தி பிடித்து நடப்பது, நகர்வது. ஐந்தாம் வாரம் தரையில் படுத்திருப்பவளை ஐந்து எண்ணும் வரை அழுத்தாமல் அணைத்துப் பிடிப்பது. ஆறாம் வாரம் எல்லாவற்றையும் திரும்பப் பார்ப்பது. குத்து கிடையாது, உதை கிடையாது, கழுத்துப் பக்கம் கையே போகக் கூடாது, தூக்கிப் போடுவது அறவே கிடையாது. நான் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

மேடம் பொன்னேரியிலிருந்து வருகிறவர். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சரி என்றார். மூன்று வாரம் முடிந்ததும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற பெற்றோர் வந்து பார்க்கட்டும், அவர்கள் ஒப்புக்கொண்டால்தான் பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பிடிக்கிற பாகம் என்றார். அப்புறம் ஒரு நிபந்தனை சொன்னார். இந்த வகுப்பால் யாராவது ஒருத்தர் ஆஸ்பத்திரிக்குப் போனால், அன்றோடு வகுப்பு மூடப்படும். எத்தனையாவது வாரம் என்று பார்க்கமாட்டேன் என்றார்.

நானும் துள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

ஜூடோ மெத்தைக்கு நாங்கள் எங்கே போவது? பள்ளியில் கபடி மேட் இருந்தது, ஒன்றோடு ஒன்று பல் கோக்கிற துண்டுகள். அதை இரண்டு அடுக்காகப் போட்டோம். கீழடுக்கின் இடுக்கு மேல் அடுக்கின் இடுக்கோடு பொருந்தாமல் மாற்றி மாற்றி வைத்து, மேலே தார்ப்பாயைச் சுருக்கமில்லாமல் இழுத்து நாலு பக்கமும் கட்டினோம். குந்தி விழ அது போதும். நின்று விழ அது போதாது, அதுவும் எனக்குத் தெரியும். சுவரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, தூணே இல்லாத பழைய சாப்பாட்டுக் கூடத்தில் போட்டு, சுற்றிலும் சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டேன்.

முதல் நாள் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாய்ந்து வந்தார்கள், பந்திக்கு வருகிற மாதிரி. ஒருத்தியைக்கூடக் கோட்டைத் தாண்ட விடவில்லை. நகம் வெட்டியிருக்கிறதா, வளையல் கம்மல் கொலுசு கழற்றியாச்சா, தலையில் கிளிப் இருக்கிறதா என்று வரிசையாகப் பார்த்தேன். ஏழு பேரை நகம் வெட்ட அனுப்பினேன். மெத்தையில் கால் வைக்குமுன் கை குவித்து வணக்கம், எதிரே இருப்பவளுக்கு வணக்கம். இங்கே கற்றதை வெளியே யாரிடமும், தம்பியிடம்கூடச் செய்து பார்க்கமாட்டேன் என்று ஒவ்வொருத்தியும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இரண்டு தட்டு தட்டினால் பிடித்தவள் அந்த நொடியே விட வேண்டும், ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. கை மாட்டிக்கொண்டால் வாயால் சொல்லலாம். எங்கேயாவது வலித்தால் கையைத் தூக்கிவிட்டுக் கோட்டுக்கு வெளியே போய் உட்கார வேண்டும். வலியை மறைக்கிறவளுக்கு அன்றைக்கு வகுப்பு கிடையாது.

பயிற்சியில் சொல்லாத ஒன்றை நானாகச் சேர்த்தேன். தினமும் ஒரு பிள்ளை காவல். அவள் மெத்தைக்கு வரமாட்டாள். கோட்டுக்கு வெளியே நின்று பார்ப்பது மட்டும் அவள் வேலை. தலை தொங்குகிறதா, கை நீள்கிறதா, இரண்டு ஜோடி நெருங்கி வருகிறதா, தப்பாக எது தெரிந்தாலும் அவள் 'நிறுத்து' என்று சொல்ல வேண்டும். சொன்னால் முப்பத்தொரு பேரும் நானும் இருந்த இடத்தில் சிலையாகிவிட வேண்டும். முதலில் வெட்கப்பட்டுக்கொண்டு வாய்க்குள் முனகினார்கள். பொழுதுக்கும் கத்துகிற கூட்டம், கத்தச் சொன்னால் மட்டும் வாய் திறக்காது. இரண்டாம் வாரத்தில் பாருங்கள், நிறுத்து என்றால் கூடத்துக் கூரையிலிருந்த புறாக்கள் பறக்கும்.

அதில் ஒரு பிள்ளை இருந்தாள். ஒல்லி, வாய் நீளம், எதைச் சொன்னாலும் ஒரு கேள்வி கேட்பாள். அவள் அம்மா தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை, மேலாண்மைக் குழுவுக்கும் அந்த அம்மாதான் தலைவி. காவல் என்றால் என்ன என்று நான் முதல் நாள் சொன்னபோதே இவள் என்னைப் பார்த்து, நீங்க தப்பு பண்ணாலும் நிறுத்தணுமா மிஸ் என்று கேட்டாள். ஆமாம் என்று பெருமையாகச் சொன்னேன். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன்.

மூன்றாம் வாரம் எனக்கே நம்பமுடியவில்லை. படுத்து அறைந்தவர்கள் உட்கார்ந்து விழுந்தார்கள், உட்கார்ந்து விழுந்தவர்கள் குந்தி விழுந்தார்கள். எதிரெதிரே குந்தி உட்கார்ந்து உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்துத் தள்ளுகிற விளையாட்டு ஒன்று உண்டு. கையைத் தவிர எதையும் தொடக் கூடாது. நிலை தடுமாறினால் பின்னால் உருண்டு, அறைந்து, சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். ஒருத்தி விழுந்தால் இன்னொருத்தி தாடை தாடை என்று கத்துவாள். முப்பத்தொரு பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் அறைகிற சத்தம் பக்கத்து வகுப்புக் கணக்கு டீச்சரை நாலு தடவை எங்கள் கூடத்துக்கு வரவைத்தது. கடைசித் தடவை அவரும் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

நாலாம் வாரத்துக்குப் பிடிக்கக் கனமான துணி வேண்டும். ஜூடோ உடுப்பு வாங்க வழியில்லை. பிள்ளைகளே யோசனை கண்டுபிடித்தார்கள். அப்பா அம்மா போட்டுக் கழித்த கம்பெனிக் கோட்டு. நீலம், சாம்பல், காக்கி என்று இருபத்திநாலு கோட்டு வந்து சேர்ந்தது. சிலதில் கிரீஸ் வாடை போகவேயில்லை. பொத்தானையும் ஜிப்பையும் பிரித்துப் போட்டு, துணிப் பட்டையால் இடுப்பில் கட்டிக்கொள்கிற மாதிரி தைத்தார்கள். ஒருவர் கோட்டின் கையை இன்னொருவர் பிடித்துக்கொண்டு நடக்கப் போகும் அந்தத் திங்கட்கிழமைக்கு அவர்கள் நாள் எண்ணினார்கள். நான் மணி எண்ணினேன்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை சாயந்திரம் குழு வந்தது. ஷிப்ட் முடிந்து நேரே வந்தவர்கள். தலைவி அம்மா புடவை மேல் போட்டிருந்த கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஏழெட்டுப் பெற்றோர் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்தார்கள், நடுவில் மேடம். அன்றைக்குக் காவல் முறை அந்த வாய் நீளக்காரிக்கு. தன் அம்மா எதிரே விழுந்து காட்ட முடியாமல் போயிற்றே என்று காலையிலிருந்து மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தாள். முறையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டாள், நான் மாற்றவில்லை.

பிள்ளைகள் பிரமாதமாகச் செய்தார்கள். வணக்கம் சொன்னது ஒரே குரல். படுத்து, உட்கார்ந்து, குந்தி, பக்கவாட்டில் என்று நான் சொல்லச் சொல்ல விழுந்தார்கள். ஒரு கைகூட நீளவில்லை, ஒரு தலைகூடப் பின்னால் தொங்கவில்லை. என் உடம்பெல்லாம் புல்லரித்தது. மேடம் முகத்திலேயே லேசாக ஒரு சிரிப்பு.

அப்போது சுவரோரத்திலிருந்து ஒருவர், நல்ல மனுஷன்தான், கிண்டலாகத்தான் கேட்டார்.

"இன்னா டீச்சர், மூணு வாரமா உக்காந்து உக்காந்து உருள்றதுக்குத்தானா இவ்ளோ பில்டப்பு? நின்னுக்கினு ஒருத்தன் தள்ளுனா இன்னா பண்ணுங்க இதுங்க?"

நாலு பேர் சிரித்தார்கள். எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. ஏறினால் இறங்காத கோபம் எனக்கு, அதற்குப் பேர் போனவள். பிள்ளைகள் பாடத்தில் நின்று விழுவது இல்லை, இந்த மெத்தை அதற்குப் போதாது என்று பதில் சொல்லியிருக்கலாம். வாய் நிறைய பதில் இருந்தது. சொல்லாமல், பாருங்க சார் என்று மெத்தை நடுவில் போய் நின்றேன். பெரிய ஆளைத் தோளில் கை வைத்துத் தள்ளச் சொல்லவில்லை, அந்த மட்டும் புத்தி இருந்தது. நானாகவே நின்ற உயரத்திலிருந்து பின்னால் சாய்ந்தேன்.

தாடையை ஒட்டினேன், முதுகை வளைத்தேன். இடது கை ஒழுங்காக அறைந்தது. வலது கை பின்னால் நீண்டு தரையைத் தேடிப் போய் ஊன்றியது.

உள்ளே ஏதோ சின்னதாக ஒரு சொடுக்கு. அறைகிற சத்தத்தில் வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது. நான் எழுந்துவிட்டேன். வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் இடது கையால் பிடித்துக்கொண்டேன், பார்ப்பவர்களுக்கு டீச்சர் விறைப்பாக நிற்கிற மாதிரி. சுவரோரத்தில் கைதட்டினார்கள். கிண்டல் செய்தவரும் தட்டினார். வலி தோள் வரை ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு மனசில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். ஆஸ்பத்திரி என்ற பேச்சு வந்தால் வகுப்பு போச்சு. அரைமணி நேரம் பல்லைக் கடித்தால் கூட்டம் கலைந்துவிடும், ராத்திரி வீட்டில் யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம். ஆட்டத்தில் அப்படித்தான் எத்தனையோ தடவை துணியைச் சுற்றிக்கொண்டு ஆடியிருக்கிறேன். சிரித்த முகமாகப் பிள்ளைகளை அடுத்த வரிசைக்குக் கூப்பிட்டேன்.

"நிறுத்து."

கூடம் அப்படியே உறைந்தது. பாதி குந்தியவள் பாதி குந்தியபடியே நின்றாள். கோட்டுக்கு வெளியே அவள் நின்றுகொண்டிருந்தாள், முகம் வெளுத்து. நான் கண்ணாலேயே வேண்டாம் என்றேன். அவள் என் கண்ணைப் பார்த்தாள், புரிந்தது அவளுக்கு. நிபந்தனை வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். நானே தான் முதல் நாள் பெரிய இவள் மாதிரி சொல்லி மிரட்டியிருந்தேன். திங்கட்கிழமை போடவேண்டிய கோட்டுகள் அவளுக்குப் பின்னால்தான் மடித்து அடுக்கியிருந்தன. அதில் அவள் அம்மாவுடையதும் ஒன்று.

அவள் உதடு கோணியது. அழுதுகொண்டேதான் சொன்னாள்.

"மிஸ்ஸுக்குக் கையில அடி. பின்னாடி மறைச்சிக்கினு நிக்கறாங்க. மிஸ், நீங்க கோட்டுக்கு வெளிய வந்து உக்காருங்க."

அந்த நிமிஷம் எனக்கு அவள்மேல் வந்த ஆத்திரத்தை மறைக்கப் போவதில்லை. அறைந்துவிடலாம் போலிருந்தது. முப்பத்திரண்டு பேர் மூன்று வாரம் பட்ட பாட்டை ஒரு வார்த்தையில் உடைத்துவிட்டாளே என்றுதான் தோன்றியது. ஆனால் முப்பத்தொரு பிள்ளைகள் இமைக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நகராவிட்டால் அவர்கள் நகரமாட்டார்கள். அப்படித்தான் பழக்கியிருந்தேன். மெத்தைக்கு வணக்கம் சொல்ல வலது கை வரவில்லை. தலையை மட்டும் குனிந்துவிட்டு, நடந்து போய்க் கோட்டுக்கு வெளியே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

அதற்கப்புறம் பிள்ளைகள் என்னை எதுவும் கேட்கவில்லை, அடிபட்டால் என்ன செய்வது என்று முதல் வாரமே பழக்கியிருந்தேன். ஒருத்தி எப்போதும் தயாராக வைத்திருக்கிற பக்கெட்டிலிருந்து ஐஸ் பையைத் துணியில் சுற்றி எடுத்துவந்து மணிக்கட்டில் வைத்தாள். இன்னொருத்தி துப்பட்டாவை முக்கோணமாக மடித்துக் கழுத்தில் தூளி கட்டினாள். கையை நேராக்கவோ தேய்க்கவோ ஒருத்தியும் முயற்சி செய்யவில்லை. மீதிப் பேர் நான் சொல்லிக்கொடுத்தபடி மெத்தையின் ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். காவல்காரி மட்டும் அவள் இடத்தை விட்டு அசையாமல் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

கிண்டல் செய்தவர் என்னால்தான், என்னால்தான் என்று எழுந்து நின்று கையைப் பிசைந்தார். மேடம் அவரை உட்காரச் சொன்னார். எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பார்த்தார். அதற்குள் அது வீங்கிப் பளபளவென்று இருந்தது. இது ஆஸ்பத்திரிக்குத்தான் என்றார். இல்லை மேடம், சுளுக்குதான், தைலம் தடவினால் சரியாகிவிடும் என்று நான் இன்னும் விடாமல் பேசினேன். என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது.

அப்போதுதான் தலைவி அம்மா எழுந்தாள். நேரே என்னிடம் வராமல் மகளிடம் போய் அவள் தலையில் கை வைத்தாள். பிறகு மேடத்தைப் பார்த்துப் பேசினாள். கூட்டத்தில் பேசுகிற பழக்கம் அவளுக்கு அதிகம் கிடையாது. குழுக் கூட்டத்தில்கூடத் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவள்.

"மேடம், எங்க பேக்கிங் லைன்ல ஒருத்திக்கு ஓடற பெல்ட்டுல வெரல் மாட்டிச்சி. பக்கத்துல நாங்க ஆறு பேர் கீறோம். ஒருத்திக்கும் 'நிறுத்து'ன்னு சொல்ல வாய் வரல, சூப்பர்வைசர் நின்னுக்கினு இருந்தாரு. அவளும் துணிய சுத்திக்கினு ஷிப்ட் முடிக்கப் பாத்தா. எம் பொண்ணு அவ டீச்சரையே நிறுத்தறா. இத மூடிட்டீங்கன்னா நான் எங்க போய் கத்துக்குடுப்பேன் இவளுக்கு?"

அத்தனை நேரம் கை வலிக்காக வராத கண்ணீர் அப்போது பொலபொலவென்று வந்துவிட்டது. துடைக்கவும் கை இல்லை, இடது கை ஐஸ் பையைப் பிடித்திருந்தது.

மேடம் காவல்காரியைக் கூப்பிட்டார். சொன்னால் வகுப்பு மூடிவிடுவார்கள் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாள். இப்போது மூடிவிட்டேன் என்று வைத்துக்கொள், அடுத்த முறை இப்படி ஆனால் என்ன செய்வாய் என்றார். அவள் ஒரு கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்லி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அழுவேன் மேடம். ஆனா சொல்லுவேன்."

மேடம் திரும்பி என்னைப் பார்த்தார். இருபத்தைந்து வருஷம் முன்னால் வேறு ஒரு பள்ளியில் நீளம் தாண்டியபோது ஒரு பிள்ளைக்குக் கை முறிந்ததாம். டீமிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயந்து இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததாம். அந்தக் கை அப்புறம் நேராகவே இல்லையாம். இன்னொரு பிள்ளைக்கு அடியே படக் கூடாது என்றுதான் நான் இவ்வளவு கடுமையாக நிபந்தனை போட்டேன், போட்ட நிபந்தனையே உங்களை மறைக்க வைத்துவிட்டது, தப்பு என்னுடையது என்றார். எல்லோர் எதிரிலும், பிள்ளைகள் எதிரிலும் சொன்னார். எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

"பழைய கண்டிஷன் கிடையாது. அடி பட்டா சொல்லணும், ஆஸ்பத்திரிக்குப் போகணும், வகுப்பு நடக்கும். மறைச்சா மூடுவேன்" என்றார். என் தூளியைச் சரிசெய்தபடி, "இதுவரைக்கும் மறைச்சது நீங்க ஒருத்தர்தான் மிஸ்" என்றார்.

சுவரோரத்தில் பெற்றோரும் சரி என்று தலையாட்டினார்கள். பிள்ளைகளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் போட்ட கூச்சலில் கூடம் அதிர்ந்தது. காவல்காரி மட்டும் அந்தக் கூச்சலிலும் தன் வேலையை விடவில்லை, யாரும் மெத்தைமேல் ஏறிக் குதிக்கக் கூடாது என்று கத்திக்கொண்டிருந்தாள். மேடத்தின் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து நான் ஆஸ்பத்திரி போனேன். மணிக்கட்டில் மயிரிழை விரிசல், மூன்று வாரம் கட்டு. எக்ஸ்ரே எடுக்கிற இடத்தில்கூட நான் கோட்டைப் பிடித்து நடக்கும் பாடத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். மேடம் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், உங்கள் பயிற்சியாளர் எதோடு நிறுத்தச் சொன்னார் என்று மட்டும் கேட்டார். குந்தி விழுவதோடு என்றேன்.

திங்கட்கிழமை கட்டோடு போனேன். தலைவி அம்மாவின் மகள் அவள் அம்மாவின் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டு, மெத்தை நடுவில் நின்றிருந்தாள். அன்றைக்குக் காவல் வேறு ஒரு பிள்ளை, வகுப்பிலேயே வாயைத் திறக்காதவள், மூன்று வாரத்தில் ஒரு தடவைகூட நான் குரல் கேட்டிராதவள். பழக்க தோஷத்தில் நான் சுண்ணாம்புக் கோட்டுக்குள் கால் வைக்கப் போனேன்.

"மிஸ், நிறுத்து" என்றாள் அவள்.

நான் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.